கூலிங் வராத ஃபிரிட்ஜ்: கேஸைக் குறை சொல்லும் முன் கை வைத்துப் பாருங்கள்

“கேஸ் போயிடுச்சு போல.” கூலிங் குறைந்த ஃபிரிட்ஜ் முன்னால் நிற்கிறவர் முதலில் சொல்வது இதுதான். நான் பார்த்த வரையில், கேஸ் உண்மையிலேயே போன ஃபிரிட்ஜ்கள் குறைவு. வண்டிக்கு பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை அது. பற்றவைத்து மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றி வருகிறது. எங்காவது ஓட்டை விழுந்தால்தான் போகும். அதனால் அந்தச் சுற்றில் எந்த இடத்தில் வேலை நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

சுற்று எங்கே போகிறது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் கீழே கறுப்பு உருண்டையாக இருப்பது கம்ப்ரஸர். கேஸை உறிஞ்சி, அமுக்கி, சூடாக வெளியே தள்ளும். அந்தக் கேஸ், பின்பக்கக் கம்பி வலையாகவோ பக்கச் சுவருக்குள்ளோ இருக்கும் கண்டென்ஸர் வழியாகப் போகும்போது தன் சூட்டை அறைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பிறகு விரல் பருமனுள்ள ஒரு தாமிர ஃபில்டர். அதிலிருந்து கிளம்புவது கேபிலரி, உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத நீளக் குழாய். அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகும் திரவம் எவாப்பரேட்டரில் விழுந்ததும் அழுத்தம் குறைந்து கொதிக்கிறது. கொதிப்பதற்கான சூட்டை ஃப்ரீசரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. ஆவியானது சற்றுத் தடித்த குழாய் வழியே மறுபடி கம்ப்ரஸருக்கு வருகிறது.

நல்ல நிலையில் உள்ள ஃபிரிட்ஜ் அரை மணி நேரம் ஓடிய பிறகு கை வைத்தால் இப்படி இருக்கும். கம்ப்ரஸர் நல்ல சூடு. அதிலிருந்து கண்டென்ஸருக்குப் போகும் குழாய் அதைவிடச் சூடு, இறுக்கிப் பிடிக்காதீர்கள். கண்டென்ஸர் தொடக்கத்தில் சூடு, முடிவில் வெதுவெதுப்பு. ஃபில்டர், அறையைவிட லேசாக வெதுவெதுப்பு. கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும் குழாய் அறைச் சூட்டில், அல்லது கொஞ்சம் ஜில்லென்று. இந்த இடங்களின் சூடு தெரிந்தால் பழுது எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எந்த மூடியையும் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

## விளக்கு எரிகிறது, கம்ப்ரஸர் சத்தமே இல்லை

முதலில் தெர்மோஸ்டாட் குமிழைப் பாருங்கள். உள்ளே துடைக்கும்போது கை பட்டு பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கும். சிரிக்காதீர்கள், இதற்காக மட்டும் நான் பலமுறை போய் வந்திருக்கிறேன். டிஜிட்டல் பலகை உள்ளதில் டெமோ நிலை, விடுமுறை நிலை என்று ஏதாவது எரிகிறதா பாருங்கள். டெமோவில் விளக்கு எரியும், கூலிங் வராது.

குமிழ் சரியாக இருந்தால் அதை முழுக்கக் குளிர் பக்கம் திருப்பிவிட்டு, பத்து நிமிடம் பின்பக்கம் காது வைத்து நில்லுங்கள். பழைய வகை ஃப்ராஸ்ட்ஃப்ரீயில் டைமர் அப்போது பனி உருக்கும் நேரத்தில் இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் கம்ப்ரஸர் ஓடாது, அரை மணி நேரத்துக்குள் தானாகக் கிளம்பும்.

ஒரு மணி நேரம் கழித்தும் அமைதி என்றால் தெர்மோஸ்டாட், டைமர், கன்ட்ரோல் போர்டு ஆகியவற்றில் ஒன்று. மீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் இங்கேயே மெக்கானிக்கைக் கூப்பிடலாம். இது கேஸ் வேலை அல்ல என்பது மட்டும் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கட்டும்.

## ‘ம்ம்ம்’ என்று முனகி, ‘டக்’ என்று நின்றுவிடுகிறது

சில நொடி முனகல், ஒரு டக், சில நிமிட அமைதி, மறுபடி முனகல். கம்ப்ரஸர் கிளம்பப் பார்த்து முடியாமல் போக, ஓவர்லோடு அதைக் காப்பாற்ற மின்சாரத்தை வெட்டுகிறது. அந்த டக் அதன் சத்தம்தான்.

### கரண்ட் போய் உடனே வந்ததா?

அப்படியென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கண்டென்ஸர் பக்கம் அழுத்தம் அதிகம், எவாப்பரேட்டர் பக்கம் குறைவு. நின்ற பிறகு அந்த மெல்லிய கேபிலரி வழியாகத்தான் இரண்டும் சமமாக வேண்டும், அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் கரண்ட் வந்தால் எதிரே நிற்கும் அழுத்தத்தைத் தள்ள முடியாமல் கம்ப்ரஸர் திணறும். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் கரண்ட் வந்ததும் மூன்று நிமிடம் காத்திருக்கும் வசதி இருப்பது இதற்காகத்தான்.

### முனகும்போது வீட்டு விளக்கு மங்குகிறதா?

வோல்டேஜ் குறைவு, அல்லது பிளக் பாயின்ட் தளர்வு. எக்ஸ்டென்ஷன் வயரில் ஓடிக்கொண்டிருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள்.

### இரண்டும் இல்லையா?

கம்ப்ரஸர் பக்கவாட்டில் செருகியிருக்கும் ரிலேயைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே மண் போலக் கலகலத்தால் அதன் வில்லை உடைந்துவிட்டது. கருகிய வாடை வந்தாலும் அதே கதைதான். ரிலேயும் ஓவர்லோடும் மலிவான பாகங்கள், அதே எண் பார்த்து மாற்றினால் பல ஃபிரிட்ஜ்கள் உடனே கிளம்பிவிடும்.

ரிலே நன்றாக இருந்தால் கம்ப்ரஸரின் மூன்று ஊசிகளை மீட்டரில் அளந்து பார்க்க வேண்டும். இரண்டிரண்டாக அளந்தால் மூன்று எண்கள் வரும். சிறிய இரண்டையும் கூட்டினால் பெரியது வர வேண்டும். உதாரணமாக 12, 18 ஓம் என்றால் மூன்றாவது 30. ஏதாவது ஒரு ஜோடியில் மீட்டர் அசையவே இல்லை என்றாலும், எந்த ஊசிக்கும் கம்ப்ரஸரின் உடலுக்கும் இடையே மீட்டர் காட்டினாலும் உள்ளே மோட்டாரின் கம்பிச் சுற்று போய்விட்டது, கம்ப்ரஸரை மாற்றத்தான் வேண்டும். உடலோடு தொடர்பு காட்டினால் மறுபடி பிளக்கைச் செருகவே செருகாதீர்கள்.

இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அந்தக் கம்ப்ரஸருக்கு வீட்டுக் கரண்டை நேராகக் கொடுத்துப் பார்க்கும் பழைய வழக்கம் அதைக் கொன்றுவிடும்.

## நிற்காமல் ஓடுகிறது, கூலிங் சுமார்தான்

இது கண்டென்ஸர் பக்கத்துப் பழுது என்று சந்தேகிக்க வேண்டிய இடம். உள்ளே பிடுங்கிய சூட்டை வெளியே விட முடியவில்லை.

பின்னால் கறுப்புக் கம்பி வலை இருந்தால் அதில் படிந்த தூசியைப் பாருங்கள். வலையே இல்லாவிட்டால் குழாய் பக்கச் சுவர்களுக்குள் ஓடுகிறது. அப்படிப்பட்ட ஃபிரிட்ஜில் பக்கங்கள் சுடுவது பழுதல்ல, சூட்டை விட வேண்டிய இடமே அதுதான். அதைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினாலோ, இருபுறமும் அலமாரிக்கு நடுவே திணித்தாலோ சூடு போக வழியில்லை. ஒரு கை நுழையும் அளவு இடம் விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். கீழே கம்ப்ரஸர் அருகே சின்ன விசிறி உள்ள வகையில் விசிறி சுற்றுகிறதா, இறக்கையில் தூசி திரண்டு கிடக்கிறதா என்று பாருங்கள்.

கண்டென்ஸர் சுத்தமாக இருந்தால் கதவு ரப்பர். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள், நான்கு பக்கமும் இப்படி. எங்கே தடையில்லாமல் உருவி வருகிறதோ அங்கே ஈரக்காற்று நுழைகிறது. பெரும்பாலும் கீல் பக்கத்து மூலைதான். வெந்நீர்த் துணியால் ரப்பரைத் துடைத்து, மடிந்திருந்தால் நீவிவிட்டாலே சில சமயம் சரியாகிவிடும்.

கூலிங் குறைவு என்பதையும் அளந்தே சொல்லுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மோமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் 3 முதல் 5 டிகிரி செல்சியஸ் காட்டினால் ஃபிரிட்ஜில் குறையில்லை. ஃப்ரீசர் -18 பக்கம் இருக்க வேண்டும்.

## ஃப்ரீசர் உறைகிறது, கீழே கூலிங் இல்லை

இரண்டு கதவு ஃப்ராஸ்ட்ஃப்ரீயில் அதிகம் வருவதும், அதிகம் ஏமாறுவதும் இந்த அறிகுறியில்தான்.

இதில் எவாப்பரேட்டர் ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஒரு விசிறி அதன் வழியே காற்றை இழுத்து மேலேயும் கீழேயும் அனுப்புகிறது. கீழ்த்தட்டுக்கு வரும் குளிர் முழுக்க அந்தக் காற்றுதான். காற்று நின்றால், ஃப்ரீசர் அருகிலிருக்கும் குளிரால் ஓரளவு தாக்குப்பிடிக்கும், கீழே முதலில் கைவிரிக்கும்.

### விசிறிச் சத்தம் கேட்கிறதா?

கதவைத் திறந்தால் விசிறி நின்றுவிடும் வகைகள் உண்டு, அதனால் கதவுச் சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டு கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் விசிறி மோட்டார் போயிருக்கலாம். இறக்கை பனியில் உரசும் சத்தம் கேட்டால் அடுத்ததைப் படியுங்கள்.

### பின்பலகையில் பனி படர்ந்திருக்கிறதா?

பலகையின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால், அல்லது பலகை வெளியே உப்பியிருந்தால், உள்ளே எவாப்பரேட்டர் காயில் முழுக்க பனிக்கட்டி. பனி உருக்கும் ஏற்பாடு வேலை செய்யவில்லை. இதை உறுதி செய்ய ஒரு செலவில்லாத சோதனை உண்டு. பொருட்களை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் 24 மணி நேரம் திறந்து வையுங்கள். தரையில் துணி போடுங்கள், தண்ணீர் நிறைய வரும். பிறகு ஓட்டினால் ஒரு வாரம் புதுசு போல ஓடி, மறுபடி பழையபடி ஆகிறதா? அப்படியானால் கேஸ், கம்ப்ரஸர், கண்டென்ஸர் மூன்றும் நன்றாக இருக்கின்றன. கேஸ் போன ஃபிரிட்ஜுக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்தால் கூலிங் திரும்பாது.

ஒரு வீட்டில் இது நடந்தது. வீட்டுக்கார அம்மா, “வருஷத்துல ரெண்டு தடவை கேஸ் போட்டாச்சு தம்பி. போட்டா ஒரு வாரம் ஜோரா ஓடும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்” என்றார். கை வைத்துப் பார்த்தேன். பக்கச் சுவர் நல்ல சூடு. கேஸ் சுற்றுகிறது, சூட்டை வெளியே விடுகிறது. மேலே ஐஸ் கட்டி உருகாமல் இருந்தது. கீழே தண்ணீர் பாட்டில் 14 டிகிரி.

“கேஸ் போடும்போது எவ்வளவு நேரம் நிறுத்தி வச்சாங்கம்மா?”

“காலையில வந்து பிடுங்கிப் போடுவாங்க. மறுநாள்தான் செருகச் சொல்லுவாங்க.”

விஷயம் அதில்தான் இருந்தது. ஒரு நாள் நிறுத்தி வைத்ததில் காயில் பனி உருகிவிட்டது. ஒரு வாரம் ஓட வைத்தது அந்த ஓய்வு, பெயர் வாங்கியது கேஸ்.

பின்பலகையைக் கழற்றினேன். காயிலின் தகடுகளே தெரியவில்லை, வெள்ளைச் செங்கல் மாதிரி ஒரே கட்டி. ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து உருக்கினேன். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் காயில் பக்கம் கொண்டுபோகவில்லை. அலுமினியக் குழாய் ஒரு குத்தில் ஓட்டையாகிவிடும், அப்புறம் நிஜமாகவே கேஸ் போய்விடும்.

உருகிய பிறகு பனி உருக்கும் வரிசையில் மூன்று பாகங்களை அளந்தேன். ஹீட்டர் சுமார் 300 ஓம் காட்டியது, நல்ல நிலை. அதோடு தொடராக வரும் தெர்மல் ஃப்யூஸில் மீட்டர் அசையவே இல்லை, அறுந்துவிட்டது. ஃப்யூஸை மட்டும் மாற்றிவிட்டு வந்திருந்தால் அடுத்த மாதம் மறுபடி அழைப்பு வந்திருக்கும். ஃப்யூஸ் ஏன் அறுந்தது என்று கேட்டாக வேண்டும். காயிலில் கவ்வியிருக்கும் பைமெட்டல் சுவிட்ச், காயில் உறைந்திருக்கும்போது இணைந்து ஹீட்டருக்கு வழிவிட வேண்டும். பனி உருகிக் காயில் சில டிகிரி சூடானதும் பிரிந்துவிட வேண்டும். அறைச் சூட்டில் கையில் வைத்து அளந்தபோதும் அது இணைந்தே இருந்தது. ஒட்டிப்போய்விட்டது. அதனால் பனி உருகிய பிறகும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்து, ஒருநாள் ஃப்யூஸ் தன்னைக் கொடுத்து ஃபிரிட்ஜைக் காப்பாற்றியிருக்கிறது. இரண்டையும் மாற்றினேன். மறுநாள் காலை அதே பாட்டில் 4 டிகிரி. கேஸில் கை வைக்கவே இல்லை.

மூன்று பாகங்களும் நன்றாக இருந்து பனி மட்டும் கட்டினால் டைமர் அல்லது போர்டு. இந்த வரிசையில் போனால் விலை கூடிக்கொண்டே போகும், அதனால் போர்டைக் கடைசியில் மட்டும் சந்தேகப்படுங்கள். வயர்களை அளந்து பழக்கமில்லாதவர்கள் 24 மணி நேரச் சோதனையோடு நிறுத்திக்கொண்டு, அதன் முடிவை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

### கீழ்த்தட்டில் தண்ணீர் தேங்குகிறதா?

உருகிய தண்ணீர் வெளியேறும் துளை அடைத்திருக்கிறது. காயிலுக்கு நேர் கீழே இருக்கும், ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் பின்சுவரின் அடியில். வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சால் மெதுவாக விட்டால் போதும்.

## ஓடுகிறது, எங்கேயுமே குளிர் இல்லை

இப்போதுதான் கேஸைப் பற்றிப் பேசலாம். அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு.

ஒரு மணி நேரம் ஓடவிட்டு எவாப்பரேட்டரைப் பாருங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசர் பெட்டியே எவாப்பரேட்டர். அது முழுக்க ஒரே சீராகப் பனி பூத்தால் கேஸ் போதுமான அளவு இருக்கிறது. திரவம் நுழையும் மூலையில் மட்டும் ஒரு கையகலம் பனி, மற்ற இடம் வெறும் ஈரம் என்றால் கேஸ் குறைவு. எங்கேயும் பனியில்லை, கண்டென்ஸரும் அறைச் சூட்டில் இருக்கிறது, கம்ப்ரஸர் மட்டும் ஓடுகிறது என்றால் கேஸ் முழுதும் போயிருக்கலாம், வழி அடைத்திருக்கலாம், அல்லது கம்ப்ரஸர் சுற்றினாலும் அமுக்கும் பலம் இல்லாமல் இருக்கலாம்.

### அடைப்பு என்றால்

ஃபில்டரைத் தொடுங்கள். கண்டென்ஸர் முடிவு வெதுவெதுப்பாக இருக்க, ஃபில்டரின் மறுமுனை மட்டும் ஜில்லென்று வியர்த்தால் அடைப்பு அங்கேதான். இன்னொரு வகை விளையாட்டு காட்டும். நன்றாகக் குளிர்ந்து, சில மணி நேரத்தில் கூலிங் நின்று, தானாகவே திரும்பி வரும். குழாய்க்குள் ஈரம் புகுந்திருந்தால் அது கேபிலரி முனையில் உறைந்து வழியை அடைக்கும். கூலிங் நின்று சூடேறியதும் உருகி வழிவிடும். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த ‘புஸ்ஸ்’ சத்தம் திடீரென்று நிற்பதும், பிறகு திரும்புவதும் இதன் அடையாளம். முன்பு யாரோ அவசரமாகக் கேஸ் போட்ட ஃபிரிட்ஜில்தான் இதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

### ஓட்டை என்றால்

குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தேடுங்கள். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் சுற்றுவதால் ஓட்டை வழியே அதுவும் கசியும், தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். ஃப்ரீசரில் கத்தியால் பனி சுரண்டிய தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

இதற்குமேல் வீட்டில் செய்ய எதுவுமில்லை. பின்பக்க லேபிளைப் படித்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். ஆர்-600ஏ என்று இருந்தால் அது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. அந்த ஃபிரிட்ஜைக் கேஸ் உள்ளிருக்கும்போதே பற்றவைக்கும் டார்ச்சின் தீயைக் காட்டிக் குழாய் பிரிக்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். ஜன்னலைத் திறந்து, கேஸை வெளியே விட்டு, குழாயை வெட்டுகிறவரே வேலை தெரிந்தவர்.

ஆர்-600ஏ சாதாரணக் காற்றழுத்தத்தில் -12 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும். ஃப்ரீசர் அதைவிடக் குளிராக வேண்டும் என்பதால், ஓடும்போது எவாப்பரேட்டர் பக்கம் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால் கேஸ் போவதோடு காற்றும் ஈரமும் உள்ளே உறிஞ்சப்படும். அதனால் இருப்பதன் மேலேயே கொஞ்சம் ஏற்றிவிட்டுப் போகிறேன் என்பவருக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓட்டையை அடைக்க வேண்டும், ஃபில்டரைப் புதிதாக மாற்ற வேண்டும், பம்ப் வைத்து அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேக்யூம் இழுக்க வேண்டும், பிறகு லேபிளில் உள்ள கிராம் அளவுக்குத் தராசில் எடைபோட்டு ஏற்ற வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில் அது பெரும்பாலும் நூறு கிராம்கூட வராது, பத்து கிராம் தவறினாலும் வித்தியாசம் தெரியும். கூடிவிட்டால் கம்ப்ரஸருக்குத் திரும்பும் குழாய் வாசல்வரை வெள்ளையாகப் பனி பிடித்து நிற்கும். வேலை முடிந்து அவர் கருவிகளை எடுத்து வைக்கும் முன்பே அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.